நாப்தலின் 77.3 வரை இறங்கி மறுபடி 79.9-க்கு ஏறியது: இதில் எது உறைநிலை?

காட்பாடி கவின்

பி.எஸ்சி. முதலாம் ஆண்டு. போன வாரம் ஆய்வகத்தில் நாப்தலின் குளிர்வு வளைகோடு போட்டோம். 20 கிராம் நாப்தலின், கொதிக்கும் தண்ணீரில் வைத்து உருக்கி, டெஸ்ட் டியூபைத் துடைத்து, ஒரு கூம்புக் குடுவைக்குள் தொங்கவிட்டேன். காற்று நேராகப் படக்கூடாது என்றுதான் குடுவை. அறை வெப்பநிலை 36. டிஜிட்டல் தெர்மாமீட்டர், 0.1 டிகிரி வரை காட்டும்.

92.0-இல் ஆரம்பித்தேன். ஒவ்வொரு நிமிடமும் 89.4, 87.0, 84.6, 82.4, 80.3, 78.2 என்று இறங்கியது. ஆறரை நிமிடத்தில் 77.3. அதற்குப் பிறகுதான் குழப்பம். ஏழாவது நிமிடம் 79.6, எட்டாவது நிமிடம் 79.9. பத்தரையில் 79.8, பதினைந்தில் 79.6. இருபதாவது நிமிடத்துக்கு அப்புறம் வேகமாக விழ ஆரம்பித்துவிட்டது.

புத்தகத்தில் உறைநிலை 80.2 என்று இருக்கிறது. முதல் படிகம் வந்தது 77.3-இல்தானே, அப்போ அதைத்தான் உறைநிலை என்று எழுத வேண்டும் என்கிறான் என் பார்ட்னர். அது சரியா? அடுப்பில் இல்லாத பொருள் எப்படித் தானாகச் சூடாகிறது?

ஆற்காடு அன்பு

கவின், இது தெர்மாமீட்டர் லேக். சென்சாரைச் சுற்றி எஃகு உறை இருக்கிறது, அது சூடாக, ஆற, நேரம் எடுக்கும். உண்மையான வெப்பநிலையை அது பின்னாலிருந்து துரத்திக்கொண்டே இருக்கும். பம்ப் லைனில் இதைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டுச் சமமான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்.

பாலாற்றங்கரை

அன்பு சார், லேக் உண்டு என்பது சரி. ஆனால் லேக்கால் இந்தப் பள்ளம் வராது. திரவம் 80-இல் நின்றுவிட்டது, தெர்மாமீட்டர் பின்னால் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆறும்போது பின்தங்கும் தெர்மாமீட்டர் உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும். மேலேயிருந்து 80-ஐ மெதுவாக நெருங்கும், 80-க்குக் கீழே போகவே போகாது. இங்கே 77.3 வரை போயிருக்கிறது. திரவம் உண்மையிலேயே அவ்வளவு ஆறியிருந்தால்தான் அது நடக்கும். இன்னும் சொன்னால் லேக் இருப்பதால் உண்மையான பள்ளம் 77.3-ஐவிடக் கொஞ்சம் ஆழமாகவே இருந்திருக்கும். ஏறுவதும் இன்னும் செங்குத்தாக இருந்திருக்கும்.

கவின் தம்பி, அது சூப்பர்கூலிங், மீக்குளிர்வு. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் திரவமாகவே இருப்பது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆய்வகத்தில் பிள்ளைகளோடு நின்றவன். இந்தப் பள்ளத்தைப் பார்த்து "ரீடிங் தப்பு" என்று ரப்பரால் அழித்த நோட்டுகள் எத்தனையோ.

80-இல் திரவமும் திடமும் சேர்ந்து இருக்கலாம் என்பது ஏற்கெனவே படிகம் இருந்தால்தான். படிகமே இல்லாத தெளிந்த திரவத்தில் முதல் துகள் உருவாக வேண்டும். சில மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டால் வெப்பம் வெளியேறும், அது லாபம். ஆனால் கரு என்கிற அந்தக் குட்டித் துகளுக்கு ஒரு மேற்பரப்பு வருகிறதே, அதை உண்டாக்க ஆற்றல் செலவாகும். துகள் மிகச் சிறியதாக இருக்கும்போது செலவுதான் அதிகம். அதனால் வந்த வேகத்தில் கரைந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால்தான் பிழைக்கும். அந்த அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. சரியாக உறைநிலையில் அது முடிவில்லாத அளவு, அதாவது அங்கே தானாக ஒரு கரு பிழைக்கவே முடியாது. ஒவ்வொரு டிகிரி கீழே போகப் போகத் தேவையான அளவு சுருங்குகிறது. எங்கோ ஓரிடத்தில், பெரும்பாலும் கண்ணாடிச் சுவரில் உள்ள கீறலிலோ தூசியிலோ, ஒரு கரு தப்பிப் பிழைக்கும். உன் குழாயில் அது 77.3-இல் நடந்தது. நாளைக்குச் செய்தால் 76-இல் நடக்கலாம், 79-இல் நடக்கலாம். அதனால்தான் அது உறைநிலை இல்லை. அது உன் குழாயின் குணம், நாப்தலினின் குணம் இல்லை.

காட்பாடி கவின்

சார், புரிகிறது. ஆனால் சூடு ஏறுவது? வெப்பம் வெளியே போய்க்கொண்டுதானே இருக்கிறது?

பாலாற்றங்கரை

போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே அதைவிட வேகமாக வெப்பம் உண்டாகிறது. உன் ரீடிங்கை வைத்தே கணக்குப் போடுவோம்.

நாப்தலின் ஒரு கிராம் உறைந்தால் சுமார் 148 ஜூல் விடுகிறது. ஒரு கிராம் திரவத்தை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1.7 ஜூல் போதும். 20 கிராமுக்கு 34, கண்ணாடிக் குழாயும் தெர்மாமீட்டரும் சேர்த்துத் தோராயமாக 50 ஜூல் என்று வை. பள்ளத்தின் ஆழம் 2.6 டிகிரி. 50 × 2.6 = 130 ஜூல். அதைக் கொடுக்க எவ்வளவு உறைய வேண்டும்? 130-ஐ 148-ஆல் வகு, 0.9 கிராம். அந்த அரை நிமிடத்தில் வெளியே கசிந்ததையும் சேர்த்தால் ஒன்றேகால் கிராம். இருபதில் ஒன்றேகால்! குழாயை வெளிச்சத்தில் பார்த்திருந்தால் ஊசி ஊசியாக மின்னும் தகடுகள் சட்டென்று பரவி, திரவம் கலங்கியிருக்கும். மிச்சம் அப்படியே திரவம்தான்.

80-ஐத் தாண்டி ஏன் ஏறவில்லை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தாண்டினால் படிகம் உருகும், உருகினால் வெப்பத்தை உறிஞ்சும், மறுபடி இறங்கும். இறங்கினால் மேலும் உறையும். இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற இடம்தான் அந்தச் சமமான பகுதி.

குடியாத்தம் வேலு

நான் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சியை மெழுகில் முக்குகிற பிரிவில் இருக்கிறேன். எங்க மெழுகுத் தொட்டியில் ஹீட்டரை நிறுத்தினால் இந்த மாதிரி ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ஓரத்தில் கட்டியாகும், நடுவில் ஓடும், மீட்டர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். அப்போ எங்க மெழுகில் கலப்படம் என்று அர்த்தமா? சப்ளையர்கிட்டே சண்டை போடலாமா?

பாலாற்றங்கரை

வேலு, சண்டை வேண்டாம். பாரஃபின் மெழுகே பல நீளமுள்ள ஹைட்ரோகார்பன் சங்கிலிகளின் கலவை. நீளமானது முதலில் உறையும், குட்டையானது கடைசியில். அதனால் சரிவுதான் வரும், சமதளம் வராது. கவின் கேட்பது ஒரே பொருள் மட்டும் இருக்கும் நிலை. உங்கள் தொட்டிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. சரிவு முன்னைவிட மாறினால் மட்டும் யோசிக்கலாம்.

சத்துவாச்சாரி சுமதி

என் பையன் ப்ளஸ் ஒன். வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று பாச்சை உருண்டையை உருக்கினான். அது 53-இல் நின்றது. தெர்மாமீட்டர் கெட்டுவிட்டதா? இன்னொன்று, அந்த வாசனையில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

ராணிப்பேட்டை ரேவதி

மேடம், 53 என்றால் அது நாப்தலின் இல்லை, பாராடைகுளோரோபென்சீன். கடையில் இரண்டுமே பாச்சை உருண்டை என்றுதான் கிடைக்கும். பையன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். ஆனால் இரண்டின் ஆவியும் உடம்புக்கு ஆகாது, மூடிய சமையலறையில் உருக்கவே கூடாது. தொடர வேண்டும் என்றால் பள்ளி ஆய்வகத்தில், ஜன்னல் பக்கம்.

கவின் கேள்விக்கு வருகிறேன். நான் தெர்மோகப்பிள், ஆர்டிடி போன்ற வெப்பநிலை சென்சார்களை அளவுதிருத்தம் செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். மீக்குளிர்வு எங்களுக்குத் தொந்தரவு இல்லை, அதுதான் வேலையின் பாதி. சர்வதேச வெப்பநிலை அளவுகோலில் டின், அதாவது வெள்ளீயத்தின் உறைநிலை 231.928 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். சுத்தமான டின் உலையில் மெதுவாக ஆறினால் அந்த எண்ணைச் சாதாரணமாகத் தாண்டி, இருபது டிகிரிக்கு மேலும் கீழே போகும், உறையாது. அதனால் டின் நிரப்பிய கலத்தை, டின் செல்லை, உலையிலிருந்து வெளியே தூக்கிக் காற்றில் காட்டுவோம். மீட்டர் விழுந்துகொண்டே இருக்கும், திடீரென்று திரும்பி ஏறும். அந்த நொடியில் மறுபடி உலைக்குள் வைப்போம். அப்புறம் மணிக்கணக்கில் சமமாக நிற்கும். சுத்தம் அதிகமானால் பள்ளம் ஆழமாக வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கருவாக உதவும் தூசி துரும்பு குறைவு. பள்ளத்தைப் பார்த்து "பொருள் அசுத்தம்" என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது வேறு இடம். எட்டாவது நிமிடம் 79.9, பதினைந்தில் 79.6. அது சமதளம் இல்லை, லேசான சரிவு.

காட்பாடி கவின்

அப்போ 79.9 என்று எழுதுவதா, 79.6 என்றா? நடுவில் 79.75 என்று சராசரி போட்டு வைத்திருக்கிறேன்.

ராணிப்பேட்டை ரேவதி

சராசரி வேண்டாம். சரிவு இருந்தால் அதன் ஆரம்பத்தைத்தான் தேட வேண்டும், அதாவது முதல் துளி படிகம் திரவத்தோடு சேர்ந்து இருக்க வேண்டிய வெப்பநிலையை. பள்ளம் அந்த ஆரம்பத்தை மறைத்துவிட்டது. அதனால் பின்னோக்கி நீட்ட வேண்டும்.

கிராஃப் ஷீட்டில் எட்டிலிருந்து பதினைந்து நிமிடம் வரையுள்ள புள்ளிகள் வழியாக ஸ்கேலை வைத்து ஒரு கோடு போடுங்கள். ஏழாவது நிமிடப் புள்ளியைச் சேர்க்காதீர்கள், அது இன்னும் மீண்டுகொண்டிருக்கும் நேரம். கோடு ஏழு நிமிடத்தில் 0.3 இறங்குகிறது. அதை இடது பக்கம் நீட்டுங்கள். ஆரம்பத்தில் திரவம் ஆறின வளைகோடு இருக்கிறதே, 82.4, 80.3 என்று, அதைக் குறுக்கே வெட்டும். எனக்குக் கணக்கு சுமார் 5.1 நிமிடத்தில், 80.0-க்குப் பக்கத்தில் வருகிறது. அதை எழுதுங்கள். 77.3-ஐ "மீக்குளிர்வின் அடி" என்று தனியாகக் குறியுங்கள், உறைநிலை என்று எழுதாதீர்கள்.

79.9-க்கும் 80.0-க்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்கலாம். உங்கள் பொருள் ஓரளவு சுத்தம், அதனால் சிறியது. இன்னும் அழுக்கான மாதிரியில் பள்ளம் ஆழமாக இருந்தால், மீண்டு ஏறிய உச்சமே உண்மையான ஆரம்பத்தைவிட நன்றாகக் கீழே இருக்கும். பள்ளத்திலிருந்து மீளும்போதே கணிசமான பங்கு உறைந்துவிடுகிறது, மிஞ்சிய திரவத்தில் அழுக்கு செறிந்துவிடுகிறது. அங்கே உச்சத்தை எழுதினால் ஏமாந்துபோவீர்கள்.

ஆற்காடு அன்பு

சரி, லேக் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இன்னொன்று. புத்தகம் 80.2, இவருக்கு 80.0. அந்த 0.2 அழுக்கா, மீட்டரா?

ராணிப்பேட்டை ரேவதி

இந்த ஒரு வளைகோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. 0.1 காட்டும் மீட்டர் என்பதால் 0.1 சரியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. மலிவான மீட்டர் அரை டிகிரி, ஒரு டிகிரிகூட விலகும். பனிக்கட்டித் தண்ணீரில் 0, கொதிக்கும் தண்ணீரில் இன்னொன்று பாருங்கள். ஆனால் கொதிநிலையை 100 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே தண்ணீர் 99.3 பக்கத்தில் கொதிக்கும். 100 என்று நினைத்துத் திருத்தினால் இல்லாத பிழையை நீங்களே நுழைத்துவிடுவீர்கள்.

பாலாற்றங்கரை

தம்பி, இருபதாவது நிமிடத்துக்கு அப்புறம் வேகமாக விழுந்தது என்றாயே, அதை யாரும் தொடவில்லை. 80-க்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு சுமார் 2 டிகிரி இறங்கியிருக்கிறாய். 50 ஜூல் பெருக்கல் 2, நிமிடத்துக்கு 100 ஜூல் வெளியே போகிறது. 20 கிராம் முழுக்க உறைய 2,960 ஜூல் போக வேண்டும். கிட்டத்தட்ட அரை மணி நேரம். ஐந்தாவது நிமிடத்திலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து வரை நிற்க வேண்டும். உனக்கு இருபதிலேயே விழுந்துவிட்டது. உள்ளே பாதித் திரவம் இருக்கும்போதே!

தெர்மாமீட்டரின் நுனி எங்கே இருந்தது? சுவரில் சாய்ந்திருந்ததா?

காட்பாடி கவின்

கார்க்கில் துளை ஓரமாக இருந்ததால் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. கலக்கும் கம்பியும் பத்தாவது நிமிடத்துக்கு மேல் அசையவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பாலாற்றங்கரை

அதுதான். உறைதல் சுவரிலிருந்து உள்ளே வரும். நுனி சுவர்ப் பக்கம் இருந்தால் சீக்கிரமே திடத்துக்குள் புதைந்துவிடும். அப்புறம் அது காட்டுவது உறையும் இடத்தின் வெப்பநிலை இல்லை, அந்தத் திடப் படலத்தின் வெப்பநிலை. அந்தப் படலத்தின் வழியாகத்தான் வெப்பம் வெளியே போகிறது, வெளிப்பக்கம் ஆறிக்கொண்டே இருக்கும். நடுவில் இன்னும் 80-இல் திரவம் இருப்பது மீட்டருக்குத் தெரியாது.

ஆற்காடு அன்பு

பாலாறு சார், இதில் ஒரு முரண் இருக்கிறதே. நுனியில் திடம் ஒட்டினால் தப்பு என்கிறீர்கள். ஆனால் டின் செல்லில் தெர்மாமீட்டர் இறங்கும் குழாயைச் சுற்றி வேண்டுமென்றே திடம் பிடிக்க வைப்பார்கள் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். குளிர்ந்த கம்பியை இறக்குவார்கள் இல்லையா?

ராணிப்பேட்டை ரேவதி

நல்ல கேள்வி. ஆமாம், குளிர்ந்த கண்ணாடிக் கம்பியையோ அறை வெப்பநிலையில் இருந்த தெர்மாமீட்டரையோ இறக்கி உள்குழாயைச் சுற்றி மெல்லிய ஓடு உண்டாக்குவோம். வித்தியாசம், அந்த ஓடு தனி. வெளிச்சுவரில் இன்னொரு ஓடு, நடுவில் திரவம். உள்ஓட்டின் வழியாக வெப்பம் எங்கும் ஓட வேண்டிய அவசியம் இல்லை, அதனால் அதன் இரு பக்கமும் ஒரே வெப்பநிலை. கவினின் நுனி வெளிச்சுவர் ஓட்டோடு ஒட்டிவிட்டது. அந்த ஓட்டில் வெப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடினால் வெப்பநிலை சரிந்துதான் இருக்கும். திடம் ஒட்டுவது பிரச்சினை இல்லை, எந்தத் திடம் என்பதுதான்.

காட்பாடி கவின்

இன்றைக்கு மறுபடி செய்தேன். கார்க்கை மாற்றி நுனியை நடுவில் வைத்தேன். 80.0 வரும்போது கடுகுக்கும் சின்னதாக ஒரு நாப்தலின் துண்டைப் போட்டேன். பள்ளமே இல்லை. 79.8 வரை இறங்கி அப்படியே நின்றது. 31-ஆவது நிமிடம் வரை பிடித்தது, அப்புறம் விழுந்தது. சரிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முன்னைவிடக் குறைவு. பனிக்கட்டியில் மீட்டர் 0.1 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 99.1.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். பக்கத்து மேஜையில் துண்டு எதுவும் போடாமலே பள்ளம் வரவில்லை. அவர்கள் 84 வரைதான் சூடாக்கினார்கள், நான் 92.

பாலாற்றங்கரை

84-இல் நிறுத்தினால் குழாயின் மேல்பகுதியில், கீறல்களில், உருகாத படிகத் துணுக்கு மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு. அது விழுந்து கருவாகிவிடும். நான் எப்போதும் உருகிய பிறகு கொஞ்ச நேரம் கொதிநீரிலேயே வைக்கச் சொல்வேன், பள்ளம் தெரிய வேண்டும் என்றால்.

ராணிப்பேட்டை ரேவதி

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் விடாமல் கலக்கிக்கொண்டிருந்தார்களா என்று கேளுங்கள். கம்பி சுவரில் உரசினாலே கரு கிளம்பும். பள்ளம் சின்னதாக இருந்தால் அரை நிமிடத்துக்குள் வந்து போகலாம், ஒரு நிமிட இடைவெளியில் ரீடிங் எடுத்தால் நடுவில் தவறியிருக்கலாம். மூன்றில் எது என்று அவர்கள் குழாயை நான் பார்க்காமல் சொல்ல முடியாது. அவர்களை 95 வரை சூடாக்கி, கலக்காமல், பத்து விநாடிக்கு ஒரு ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மீட்டர் 0-இல் 0.1 கூடவும், கொதிநிலையில் 0.2 குறைவாகவும் காட்டுகிறது. நேர்கோடாக எடுத்தால் 80-க்குப் பக்கத்தில் ஏறத்தாழ 0.14 குறைவாகக் காட்டும். உங்கள் 80.0 அப்போது 80.1 ஆகிறது. மிச்சம் அழுக்கா என்பதை அந்தச் சின்னச் சரிவுதான் சொல்ல வேண்டும்.

குடியாத்தம் வேலு

அந்தத் துண்டு போடுகிற வேலை மெழுகுக்கும் நடக்குமா?

பாலாற்றங்கரை

பாரஃபின் அதிகமாக மீக்குளிர்வதில்லை, வேலு. போட்டாலும் பெரிதாக எதுவும் மாறாது. உங்கள் தொட்டியில் ஓரத்தில்தான் எப்போதும் கட்டி இருக்கிறதே.